ஒரே ஒரு ஓடிபி சொன்னதற்கு நிரந்தர வைப்பு வரை எப்படிப் போனது?

மண்டபம் தெற்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் கணக்கில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் எங்கள் தெருவில் உள்ள மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்வேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில், மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை 11 மணியளவில் அம்மாவுக்கு அழைப்பு வந்தது. வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னவர், அம்மாவின் பெயரையும் ஊரையும் கணக்கு இருக்கும் கிளையையும் அவராகவே சொல்லியிருக்கிறார். கேஒய்சி காலாவதியாகிவிட்டதால் தடைக்கால நிவாரணம் கணக்கில் ஏறாமல் திரும்பிவிட்டது என்றும், அன்றைக்கே புதுப்பிக்காவிட்டால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது என்றும் கூறினாராம். அம்மா ஏடிஎம் அட்டையின் எண்ணையும் அதில் உள்ள மாதம், ஆண்டையும் படித்துக் காட்டினார். பிறகு வந்த ஓடிபியைச் சொன்னார். ஏடிஎம் பின்னை அவர் கேட்கவும் இல்லை, அம்மா சொல்லவும் இல்லை.

அன்று 4,900 ரூபாய் போனது. அது சோதனைக்காக எடுக்கப்பட்டது, நிவாரணத்தோடு சேர்ந்து திரும்ப வரும் என்று அந்த ஆள் மறுபடி அழைத்துச் சொன்னதால், அம்மா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பிற்பகல் 1 மணிக்குள், படகு இயந்திரத்துக்காகப் போட்டு வைத்திருந்த 2 லட்ச ரூபாய் நிரந்தர வைப்பு முறிக்கப்பட்டு, சேமிப்புக் கணக்கில் இருந்ததோடு சேர்ந்து மூன்று தவணைகளில் வெளியேறிவிட்டது. மிச்சம் இருந்தது 50 ரூபாய்.

ஓடிபி ஒருமுறைதான் செல்லும், சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும் என்கிறார்கள். அப்படியானால் மறுநாள் நடந்த பரிமாற்றங்களுக்கு ஏன் ஓடிபியே வரவில்லை? இதுதான் எனக்கு விளங்காத இடம்.

தொண்டி வாசகர் எழுதியது:

தம்பி, இது ஓடிபியால் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் அழைப்பை எடுத்துச் சற்று நேரம் பேசினாலே தொலைபேசி முழுவதும் அவர்கள் கட்டுப்பாட்டுக்குப் போய்விடுகிறது. அம்மாவின் தொலைபேசியை உடனே அழித்துப் புதிதாக்கிவிடுங்கள். பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் முழுத் தொகையையும் வங்கியே திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. எழுத்தில் புகார் கொடுங்கள், கட்டாயம் கிடைக்கும்.

சாயல்குடி அக்கா எழுதியது:

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அச்சமாகிவிட்டது. எரிவாயு உருளை கொண்டு வரும் தம்பியிடம் ஒவ்வொரு முறையும் தொலைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்லித்தான் உருளையை வாங்குகிறோம். சொல்லாவிட்டால் இறக்க மாட்டார். அதுவும் ஓடிபிதானே? அந்த எண்ணை வைத்து எங்கள் கணக்கிலிருந்தும் பணம் எடுக்க முடியுமா?

தேவிபட்டினம் ஓய்வாளர் எழுதியது:

நான் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கடைசிச் சில ஆண்டுகள் இத்தகைய புகார்களைப் பார்க்கும் பிரிவில்தான் இருந்தேன்.

மண்டபம் நண்பரே, எதையும் அழிக்காதீர்கள். தொலைபேசியைப் புதிதாக்கினால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரமும் போய்விடும். அழைப்பை எடுத்துப் பேசியதால் மட்டும் யாரும் கணக்குக்குள் நுழைந்துவிட முடியாது. செயலி எதையாவது நிறுவச் சொல்லி அம்மா நிறுவியிருந்தால் அது வேறு கதை. அப்படி ஏதும் உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமாக, குறுஞ்செய்திகளில் வந்தவற்றை மட்டும் பார்க்காமல், அம்மாவின் தொலைபேசியிலிருந்து போனவற்றையும் பாருங்கள். செவ்வாய் 11 மணியிலிருந்து வந்தவை, போனவை எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். ஓடிபியின் எண் வேண்டாம், அதோடு என்ன எழுதியிருந்தது என்பது வேண்டும்.

மண்டபம் தெற்கு எழுதியது:

ஐயா, பார்த்தேன். புதிய செயலி எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட இடத்தில் ஒன்று இருக்கிறது. செவ்வாய் 11:12-க்கு அம்மாவின் தொலைபேசியிலிருந்து ஒரு நீண்ட எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி போயிருக்கிறது. பொருளே இல்லாத ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி அது. அம்மாவிடம் கேட்டபோது, ‘நான் ஒரு செய்தி அனுப்புகிறேன், அதை அப்படியே இந்த எண்ணுக்கு அனுப்பி வையுங்கள், கணக்கு புதுப்பிக்கப்படும்’ என்று அந்த ஆள் சொன்னதாகவும், பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்து அனுப்பச் சொன்னதாகவும் கூறினார்.

அதன் பிறகு 11:14-க்கு ஓடிபி. மொபைல் பேங்கிங் பதிவுக்கானது, யாரிடமும் பகிர வேண்டாம் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. 11:16-க்குப் பதிவு முடிந்தது என்று ஒரு செய்தி. 11:31-க்கு 4,900 ரூபாய் பற்று. அதன் பின் எதுவும் இல்லை. புதன் 12:38-க்கு வைப்பு முடிக்கப்பட்டு 2,06,350 ரூபாய் சேமிப்புக் கணக்கில் வரவு. 12:44, 12:47, 12:53 ஆகிய நேரங்களில் 1,00,000, 1,00,000, 40,000 பற்று. நான் கடலோரக் காவல் குழும வேலையாக வெளியே போய்விட்டு மாலையில்தான் வீட்டுக்கு வந்தேன். 6:20-க்குச் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தேன்.

தேவிபட்டினம் ஓய்வாளர் எழுதியது:

இப்போது தெளிவாகிவிட்டது. 11:12-க்குப் போன அந்தச் செய்திதான் இதன் வேர்.

வங்கியின் கைப்பேசிச் செயலியையோ யுபிஐ செயலியையோ ஒரு புதிய தொலைபேசியில் நிறுவும்போது, அந்தத் தொலைபேசியில் கணக்கோடு இணைந்த சிம் இருக்கிறதா என்பதைச் செயலி முதலில் உறுதிசெய்ய வேண்டும். அதற்காகச் செயலி தானே ஒரு சங்கேத வரியை உருவாக்கி, அதை வங்கியின் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. அந்த வரி எந்தக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்து சேர்கிறதோ அந்த எண்ணின் உரிமையாளர்தான் செயலியை நிறுவுகிறார் என்று வங்கியின் கணினி முடிவு செய்கிறது. உங்கள் அம்மா விஷயத்தில் செயலி நிறுவப்பட்டது மோசடிக்காரரின் தொலைபேசியில். வரி உருவானதும் அங்கேதான். ஆனால் அது புறப்பட்டது உங்கள் வீட்டிலிருந்து. ஆகவே அவருடைய தொலைபேசியை உங்கள் அம்மாவின் தொலைபேசி என்றே வங்கி ஏற்றுக்கொண்டுவிட்டது.

அடுத்து, அட்டை எண்ணும் காலாவதி மாதமும் கேட்கப்பட்டன. அவை ஏற்கெனவே அவரிடம் சொல்லப்பட்டுவிட்டன. கடைசியாக ஓடிபி கேட்கப்பட்டது. அதுவும் கிடைத்ததும், செயலி அவரையே ஒரு புதிய எம்பின்னை, அதாவது செயலிக்கான ரகசிய எண்ணை, வைத்துக்கொள்ளச் சொல்லும். நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் இங்கே இருக்கிறது. அந்த ஓடிபி காலாவதியானது உண்மைதான், அது மறுபடி பயன்படவும் இல்லை. ஆனால் அதன் வேலை ஒரு தொகையை அனுப்புவது அன்று, இன்னொரு தொலைபேசிக்கு உங்கள் கணக்கைத் திறந்துவிடுவது. 11:16-க்குப் பிறகு நடந்த ஒவ்வொரு பரிமாற்றத்தையும் அவரே வைத்த எம்பின்னால் அவரே உறுதிசெய்தார். அதனால்தான் உங்கள் வீட்டுக்கு அடுத்த ஓடிபி வரவில்லை. ஏடிஎம் பின்னை அவர் கேட்காததற்கும் இதுவே காரணம், அந்த வழியில் அது அவருக்குத் தேவைப்படவில்லை.

பதிவுக்கு எவையெவை கேட்கப்படும் என்பது வங்கிக்கு வங்கி மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும், சில ஆதார் வழியாகச் சரிபார்க்கும்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமையே எல்லாவற்றையும் எடுக்காமல் 4,900-உடன் ஏன் நிறுத்தினார் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். புதிதாகப் பதிவான தொலைபேசிக்கு முதல் 24 மணி நேரம் குறைந்த வரம்பையே பல வங்கிகள் வைத்திருக்கின்றன. 4,900 என்ற தொகையைப் பார்த்தால், உங்கள் வங்கியிலும் அப்படியொரு வரம்பு 5,000-ஐ ஒட்டி இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த 24 மணி நேரத்தைக் கடத்துவதற்காகத்தான் சோதனைப் பணம் என்ற கதை. பெரிய தொகை அடுத்த நாள் நண்பகலுக்குப் பிறகு போயிருப்பதைக் கவனியுங்கள். வங்கிக்குப் போக வேண்டாம், ஒரு நாள் பொறுத்திருங்கள் என்று அம்மாவிடம் சொன்னாரா?

மண்டபம் தெற்கு எழுதியது:

ஆம் ஐயா. புதுப்பிப்பு முடிய ஒரு நாள் ஆகும், அதுவரை ஏடிஎம் பக்கம் போக வேண்டாம், போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். புதன் காலையில்கூட அழைத்து, யாரிடமாவது சொன்னீர்களா என்று விசாரித்திருக்கிறார். அக்கறையாகப் பேசினார் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், ஆங்கிலம் எண்கள் மட்டும்தான். அந்தச் செய்தியில் அவரால் படிக்க முடிந்தது ஓடிபி எண்ணை மட்டுமே. அது எதற்கு வந்தது என்பதும், பகிர வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அவருக்கு விளங்காத மொழியில் இருந்தன.

கீழக்கரை வீடு எழுதியது:

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது, ஆனால் நீங்கள் சொல்வதோடு அது பொருந்தவில்லை. என் கணவர் துபாயில் இருக்கிறார். அவருடைய கணக்கின் சிம் இங்கே என் மாமனாரிடம் இருக்கிறது, ஓடிபி வந்தால் மாமா அவருக்குச் சொல்வார். வங்கி அட்டையின் புள்ளிகள் காலாவதியாகப் போகின்றன, அவற்றைப் பணமாக்கித் தருகிறோம் என்று மாமாவுக்கு அழைப்பு வந்தது. மாமா ஓடிபியைச் சொன்னதும் 18,500 ரூபாய் போனது. ஆனால் அதோடு நின்றுவிட்டது. அதே கணக்கில் அதிகப் பணம் இருந்தும் மேற்கொண்டு எதுவும் போகவில்லை. மாமா குறுஞ்செய்தி எதுவும் அனுப்பவும் இல்லை. அப்படியானால் எங்களுடையது வேறு வகையா, அல்லது இன்னும் ஏதாவது மீதம் இருக்கிறதா?

தேவிபட்டினம் ஓய்வாளர் எழுதியது:

அம்மா, உங்களுடையது வேறு வகை. அந்தச் செய்தியை எடுத்துப் பாருங்கள். அதில் 18,500 என்ற தொகையும் ஒரு கடையின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருந்திருக்கும். அட்டை வழியாக இணையத்தில் வாங்கும் ஒரு பொருளுக்கான ஓடிபி அது. அந்த ஒரு வாங்குதலோடு அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. அடுத்ததற்கு இன்னோர் ஓடிபி வேண்டும், மாமா அதைச் சொல்லவில்லை, நின்றுவிட்டது. இருந்தாலும் அட்டை விவரங்கள் வெளியே போய்விட்டதால் அந்த அட்டையை முடக்கி வேறு வாங்குங்கள்.

தொகை எழுதிய ஓடிபியைவிடத் தொகையே எழுதாத ஓடிபிக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். செயலிப் பதிவு, இணைய வங்கியின் கடவுச்சொல் மாற்றம், யுபிஐ பின் அமைத்தல், புதிய பெறுநரைச் சேர்த்தல், பரிமாற்ற வரம்பை உயர்த்துதல் போன்றவற்றுக்கு வரும் செய்திகளில் ரூபாய்க் கணக்கே இருக்காது. தொகை இல்லையே, பணம் எப்படிப் போகும் என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள்.

சாயல்குடி அம்மாவுக்கு: எரிவாயு உருளைக்கு வரும் எண், உருளை உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது என்பதை உறுதிசெய்ய எரிவாயு நிறுவனம் அனுப்புவது. உங்கள் வங்கிக் கணக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. உருளை வாசலில் இறங்கிய பிறகு அதைச் சொல்வதுதான் முறை. ஆனால் உருளைக்கான எண் என்று சொல்லிக்கொண்டு யாராவது தொலைபேசியில் கேட்டால் சொல்ல வேண்டாம். வந்த செய்தி எரிவாயு நிறுவனத்திடமிருந்து வந்ததா, வங்கியிடமிருந்து வந்ததா என்பதைப் படித்துப் பாருங்கள்.

தொண்டி வாசகர் எழுதியது:

அழைப்பை எடுத்தாலே போய்விடும் என்று நான் எழுதியது தவறான செய்தி என்று புரிகிறது, ஐயா விளக்கியதற்கு நன்றி. ஆனால் ரிசர்வ் வங்கியின் மூன்று நாள் விதி உண்மைதானே? என் மைத்துனருக்கு அட்டையின் நகலை எடுத்து வெளிமாநிலத்தில் பணம் எடுத்துவிட்டார்கள், மறுநாளே புகார் கொடுத்தார், முழுத் தொகையும் திரும்ப வந்தது.

தேவிபட்டினம் ஓய்வாளர் எழுதியது:

விதி உண்மை. 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கை அது. ஆனால் அதில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே இல்லை. உங்கள் மைத்துனர் நுழைந்தது அந்த வாசல். வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. மண்டபத்து அம்மாவின் விவகாரம் இந்த இரண்டாவது வாசலில்தான் நிற்கும் என்று வங்கி சொல்லும்.

ஆகவே இங்கே நாள் கணக்கைவிட மணிக்கணக்கே முக்கியம். செவ்வாய் 11:31-க்கு 4,900 போனபோதே வங்கிக்குத் தெரிவித்திருந்தால், புதன்கிழமை போன 2,40,000 ரூபாய் வங்கியின் பொறுப்பாகியிருக்கும். அம்மாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆள் எதற்காக அவ்வளவு பாடுபட்டு அவரை ஒரு நாள் அமைதியாக வைத்திருந்தார் என்பது புரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்க வேண்டியது வங்கி என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. எனவே கிளையில் வாய்மொழியாகச் சொல்லும் மறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம்.

பாம்பன் கரை எழுதியது:

நான் வெளியிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன், ஐயாவிடம் ஒரு மாறுபாட்டைச் சொல்ல விரும்புகிறேன். பத்து ஆண்டுகளில் ஒருமுறைகூட இணையத்தில் பணம் அனுப்பாத ஒரு பெண்ணின் கணக்கில், முந்தைய நாள் பதிவான ஒரு தொலைபேசி வைப்பை முறிக்கிறது, 15 நிமிடங்களுக்குள் மூன்று புதிய கணக்குகளுக்கு எல்லாவற்றையும் அனுப்புகிறது. இதைப் பார்த்தும் வங்கியின் கணினிக்குச் சந்தேகம் வரவில்லை என்றால், அலட்சியம் அந்தப் பெண்ணுடையது மட்டும்தானா? வைப்பைக் கிளையில் முறிக்கப் போனால் ரசீதைக் கேட்கிறார்கள், கையொப்பத்தைச் சரிபார்க்கிறார்கள், எதற்கு என்று விசாரிக்கிறார்கள். செயலியில் ஒரு நிமிடத்தில் முடிகிறது. மோசடியை நம்பி ஏமாந்தவரை அலட்சியக்காரர் என்று அழைப்பதே எனக்கு முறையாகத் தெரியவில்லை.

தேவிபட்டினம் ஓய்வாளர் எழுதியது:

நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வங்கியில் இருந்தவன் என்பதற்காக நான் அதை மறுக்க மாட்டேன். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இணையப் பரிமாற்றத்தில் 94,204 ரூபாய் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. அந்த வாடிக்கையாளர் ஓடிபி எதையும் பகிரவில்லை என்பதில் உறுதியாக இருந்தார் என்பதால், அந்த முடிவு மண்டபத்து அம்மாவுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வாதத்தை, அதாவது வழக்கத்துக்கு மாறான செயல்பாட்டை வங்கி ஏன் நிறுத்தவில்லை என்பதை, குறைதீர்ப்பாளரிடம் கொடுக்கும் முறையீட்டில் தனியாக எழுத வேண்டும். பதில் எப்படி வரும் என்பதை என்னால் உறுதியாகக் கூற முடியாது.

மண்டபம் தெற்கு எழுதியது:

அப்படியே எழுதுகிறேன். 1930-இல் புகார் பதிவானதும் ஒப்புகை எண் வந்தது, அதை வைத்து cybercrime.gov.in தளத்தில் விவரங்களையும் நிரப்பினேன். கடைசியாகப் போன 40,000 மட்டும் ஒரு வெளிமாநிலக் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாக இராமநாதபுரம் சைபர் காவல் நிலையத்தில் சொன்னார்கள். மற்ற இரண்டும் அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, பெரும்பகுதி ஏடிஎம்களில் எடுக்கப்பட்டுவிட்டது. அந்த 40,000 எப்போது கைக்கு வரும், ஐயா? அம்மாவின் ஏடிஎம் அட்டையை முடக்கிவிட்டேன், இனி அச்சமில்லை அல்லவா?

தேவிபட்டினம் ஓய்வாளர் எழுதியது:

நிறுத்தி வைக்கப்பட்ட பணம் தானாக வந்து சேராது. காவல் நிலையத்தின் அறிக்கையோடு நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்து, திருப்பித் தரும்படி உத்தரவு பெற வேண்டியிருக்கலாம். நீதிமன்றம் போக வேண்டுமா, எந்த நீதிமன்றம், என்னென்ன இணைக்க வேண்டும் என்பதை அந்த நிலையத்திலேயே சொல்வார்கள். ஒப்புகை எண்ணையும் கணக்கு அறிக்கையையும் 11:12 குறுஞ்செய்தியின் திரைப்பிடிப்பையும் கையில் வைத்திருங்கள்.

அட்டையை முடக்கியது போதாது. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். அவருடைய தொலைபேசியில் இருக்கும் செயலி உங்கள் அட்டையை இனிக் கேட்காது, அதற்கு எம்பின் இருந்தால் போதும். கிளைக்குச் சென்று, கைப்பேசி வங்கிப் பதிவையும் இணைய வங்கிப் பதிவையும் யுபிஐ இணைப்பையும் நீக்கும்படி எழுதிக் கொடுத்து, நீக்கியதற்கு எழுத்தில் சான்று கேளுங்கள். அது முடியும்வரை அந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் ஏறக் கூடாது. நிவாரணம் உண்மையிலேயே வரவிருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் போய்விடும். அத்துடன் அதே கைப்பேசி எண்ணில் அம்மாவுக்கு வேறு கணக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். யுபிஐ செயலி அந்த எண்ணோடு இணைந்த மற்ற வங்கிக் கணக்குகளையும் கண்டுபிடித்துக் காட்டும்.

மண்டபம் தெற்கு எழுதியது:

இருக்கிறது ஐயா. மகளிர் குழுவின் பொருளாளர் அம்மாதான், குழுக் கணக்குக்கும் இதே எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அது வேறு வங்கி. கூட்டுக் கையொப்பக் கணக்கு என்பதால் செயலியில் வராது என்று குழுத் தலைவி சொல்கிறார், எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நாளைக் காலை இரண்டு கிளைகளுக்கும் அம்மாவையும் தலைவியையும் அழைத்துக்கொண்டு போகிறேன். அங்கே என்ன சொன்னார்கள் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.